பாட்டு கேட்டு இந்தி படிச்சா எதுவரைக்கும் போகலாம்?

உங்க போன்ல எத்தனை இந்திப் பாட்டு இருக்கு? அதுல எத்தனையை வார்த்தை பிசகாம பாடுவீங்க? எனக்கு முப்பதுக்கு மேல மனப்பாடம். அந்தத் தைரியத்துலதான் போன கோடை லீவில் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் இரண்டு வாரம் இன்ப்ளான்ட் ட்ரெய்னிங் போனப்ப, "எனக்கு இந்தி தெரியும் சார்" என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன்.

எங்க ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அருப்புக்கோட்டை, திருச்சுழி எல்லாம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் விவசாயம் இல்லை. தறியும் மில்லும்தான் சோறு போடும். இப்போது மில்களில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய பேர் வேலை செய்கிறார்கள். சூப்பர்வைசருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவர்களுக்குத் தமிழ் அரைகுறை. நடுவில் நான், என் முப்பது பாட்டோடு.

மூன்றாம் நாள் நடந்தது இது. ரிங் ஃப்ரேமில் நூல் சுற்றி நிறைந்த காப்புகளை எடுத்து க்ரேட்டில் போட்டு, க்ரேட்டுகளை ட்ராலியில் அடுக்கி, கோன் வைண்டிங் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அன்றைக்கு ட்ராலி தள்ளியவர் பீகாரில் கயா பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். உயரமாக அடுக்கிவிட்டார். சூப்பர்வைசர் என்னிடம், "தம்பி, ரெண்டு வரிசை குறைக்கச் சொல்லுப்பா, சாஞ்சிரும்" என்றார். 'குறைவு' என்பதற்கு 'கம்' என்று எனக்குத் தெரியும். 'கரோ' என்றால் 'செய்' என்பதும் தெரியும். உடனே சொன்னேன்: "பையா, காம் கரோ!"

அவர் முகம் சுண்டிப்போனது. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கீழே இருந்த இன்னொரு க்ரேட்டை எடுத்து மேலே வைத்தார். புரியவில்லை போல என்று நான் இன்னும் சத்தமாக, "காம் கரோ, காம் கரோ!" என்றேன். இன்னொன்றும் ஏறியது. ட்ராலியைக் கோபமாகத் தள்ளினார். திருப்பத்தில் மேல் வரிசை சரிந்து, ஒரு க்ரேட் அவர் பாதத்தின் மேல் விழுந்தது.

'கம் கரோ' என்றால் குறை. 'காம் கரோ' என்றால் வேலையைப் பார். ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த, என் சித்தப்பா வயதுள்ள ஒரு மனுஷனைப் பார்த்து, நேற்று வந்த பையன் நான் "வேலையைப் பாரு, வேலையைப் பாரு" என்று கத்தியிருக்கிறேன்.

பாதம் வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, மூன்று நாள் ஓய்வு என்று டாக்டர் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால், அவர் தரையில் உட்கார்ந்திருந்த அந்த ஐந்து நிமிஷத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. "எந்த இடத்துல வலிக்குது? காலை ஊன்ற முடியுதா?" என்று கேட்க வேண்டும். வாய் வரவில்லை. 'தர்த்' என்றால் வலி. இந்திப் பாட்டு கேட்கிற யாருக்குத்தான் அந்தச் சொல் தெரியாது? 'கஹான்' என்றால் எங்கே. அதுவும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து "கஹான் தர்த் ஹை?" என்று கேட்டிருந்தால் போதும். இரண்டு சொல்லும் தலைக்குள் இருந்தன, தனித்தனி ராகத்தில். சேர்ந்து வரவில்லை.

அதற்குப் பிறகு, பாட்டு எனக்கு எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவே இல்லை என்று உட்கார்ந்து யோசித்தேன். கொஞ்சம் படிக்கவும் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நாளைக்கு உங்களில் பாதி பேர் வேலைக்குப் புனே, நொய்டா என்று போவீங்க. போகாவிட்டாலும் இந்தி நம்ம ஊருக்கே வந்து ட்ராலி தள்ளுது.

முதலில் அந்த 'கம்', 'காம்' விஷயம். குறில் நெடில் வித்தியாசம் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கல், கால் என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான். அப்புறம் ஏன் தப்பினேன்? 'கம்' என்ற சொல் எனக்குப் பாட்டு வழியாக வந்தது. பாட்டில் நீளத்தை முடிவு செய்வது மொழி இல்லை, மெட்டு. குறில் மேல் ஒரு நீண்ட சுரம் வந்தால் பாடகர் அந்தக் குறிலை இழுத்துத்தான் ஆக வேண்டும். இந்திக்காரர் காதுக்கு அது குழப்பம் இல்லை. ஏனென்றால் அவர்களுடைய 'அ'வுக்கும் 'ஆ'வுக்கும் நீளத்தில் மட்டுமல்ல, ஒலியின் நிறத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 'அ' வாய் அதிகம் திறக்காமல் வருகிற மங்கலான ஒலி. 'ஆ' நன்றாகத் திறந்த ஒலி. எவ்வளவு இழுத்தாலும் மங்கல் ஒலி மங்கலாகத்தான் இருக்கும், அவர்கள் சரியாகப் பிடித்துக்கொள்வார்கள். தமிழ்க் காது முதலில் பார்ப்பது நீளத்தை. நீண்டு கேட்டால் 'ஆ' என்று மனதில் எழுதிக்கொள்ளும். நான் அப்படித்தான் எழுதிக்கொண்டேன்.

நிஜமாகவே எழுதியும் வைத்திருந்தேன். பாட்டு வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிய நோட்டு ஒன்று என்னிடம் உண்டு. உங்ககிட்டயும் இருக்கலாம், போன் நோட்ஸிலாவது. அதில் இன்னொரு வில்லங்கம். 'கானா' என்று எழுதியிருந்தால் அது என்ன சொல்? இந்தியில் பாட்டும் 'கானா'தான், சாப்பாடும் 'கானா'தான், ஒற்றைக் கண்ணனும் 'கானா'தான், நாம் தமிழில் எழுதினால். அவர்களுக்கு மூன்றும் வேறு வேறு எழுத்தில் தொடங்குகிற வேறு வேறு சொற்கள். சாப்பாட்டு 'கானா'வில் மூச்சு சேர்ந்து வெளியே தள்ளப்படும். பாட்டு 'கானா'வில் நாம் 'தங்கம்' என்னும்போது வருகிற அதிர்வுள்ள ககரம். நம்ம 'பையா'வும் இதே கதைதான். அண்ணனுக்கான அந்தச் சொல் மூச்சுக் கலந்த அதிர்வுப் பகரத்தில் தொடங்க வேண்டும். நாம் படிக்கிறபடி படித்தால் 'ஏ பையா' என்று சின்னப் பையனைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கு.

இதற்கு நம்ம வீட்டிலேயே ஒரு பழைய தீர்வு கிடக்கிறது. பாட்டி வைத்திருக்கும் சுலோகப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க. சமஸ்கிருத ஒலிகளைக் காட்டத் தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் 2, 3, 4 என்று குட்டி எண் போட்டிருப்பார்கள். 2 என்றால் மூச்சு சேர்ந்தது, 3 என்றால் அதிர்வு, 4 என்றால் இரண்டும். அதே மாதிரி நோட்டில் சாப்பாட்டை கா2னா என்றும் பாட்டை கா3னா என்றும் எழுத ஆரம்பித்தேன். இந்தி எழுத்தைக் கற்றுக்கொள்வதே நல்ல வழி. ஆனால் அதுவரைக்கும் இந்த எண் உங்களைக் காப்பாற்றும்.

சரி, குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாட்டு ஒன்றுமே கற்றுத்தராதா? தரும். அதற்கு ஆராய்ச்சியே இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் காரென் லட்கியும் அவருடன் வேலை செய்தவர்களும் 60 பெரியவர்களை வைத்து ஒரு சோதனை செய்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹங்கேரிய மொழிச் சிறு தொடர்களை 15 நிமிஷம் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு குழு கேட்டுத் திருப்பிச் சொன்னது. இன்னொன்று தாளத்தோடு சொன்னது. மூன்றாவது குழு பாடியது. பிறகு வைத்த தேர்வுகளில் மொத்தத்தில் பாடிய குழுதான் முன்னால் நின்றது. முக்கியமாக, ஹங்கேரியத் தொடரை நினைவிலிருந்து எடுத்து வாயால் சொல்ல வேண்டிய இடத்தில்.

ஆனால் இதை நம்ம பிளேலிஸ்ட்டுக்கு அப்படியே பொருத்திவிடாதீங்க. அவர்கள் பாடியது சினிமாப் பாட்டு இல்லை. ஒவ்வொரு தொடரும் குட்டி. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கூடவே சொல்லப்பட்டது. கேட்டு, உடனே திருப்பிப் பாடினார்கள். பஸ் ஜன்னலோரத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தலையாட்டியது இல்லை.

அதற்கு முன்பே 1994-ல் வாண்டா வாலஸ் என்ற ஆய்வாளர் இன்னொன்றைக் காட்டியிருந்தார். வரிகளை நினைவில் வைக்க மெட்டு உதவும், அதே மெட்டு அடுத்தடுத்த சரணங்களில் திரும்பத் திரும்ப வந்தால். ஒரே ஒரு சரணத்தை மட்டும் கேட்டால் அந்த உதவி கிடைப்பதில்லை. மெட்டு பழகிய பிறகுதான் அது சொற்களைத் தாங்கும் கொடியாகிறது. அடுத்த வரியில் எத்தனை அசை வரும், எங்கே அழுத்தம் விழும் என்று மெட்டே காட்டிக்கொடுக்கும். பல்லவி மட்டும் ரீல்ஸில் கேட்டவன் பல்லவியோடு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆக, பாட்டு தருவது ஒலியோடு ஒட்டிய, உடையாத ஒரு சொற்கட்டு. அந்தக் கட்டுக்குள்ளே இலக்கணமும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஒரு உதாரணத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

'ரோஜா' படம் 1992-ல் வந்தது. தமிழ்ப் பாட்டுகள் வைரமுத்து எழுதியவை. இந்தி டப்பிங்கிற்கு பி.கே. மிஸ்ரா எழுதினார். மின்மினி பாடிய அந்தச் சின்ன ஆசைகளின் பாட்டு இரண்டு மொழியிலும் ஒரே மெட்டு, ஒரே குரல். மெட்டு நமக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் இந்தி கற்க இதைவிட வசதியான பாட்டு இல்லை என்று நினைப்போம். நானும் என் தங்கச்சியும் அதைத்தான் முதலில் கற்றோம். தங்கச்சி ரொம்ப நாள் 'தில்' என்றால் 'சின்ன' என்று நினைத்திருந்தாள். காரணம் எளிது. தமிழில் மெட்டு தொடங்கும் இடத்தில் 'சின்ன' இருக்கிறது, இந்தியில் அதே இடத்தில் 'தில்' இருக்கிறது. எனக்கோ 'தில்' என்றால் தைரியம், நம்ம ஊர்ப் பேச்சில் அப்படித்தானே. அதற்கு இதயம் என்று அர்த்தம் தெரிந்தது பிறகுதான்.

டப்பிங் பாட்டு மொழிபெயர்ப்பு இல்லை. கவிஞருக்கு முன்னால் இருப்பது மெட்டும் நடிகையின் வாயசைவும். அதில் பொருந்துகிற சொற்களைத்தான் அவர் தேட முடியும். சொல்லுக்குச் சொல் வைக்க முடியாது. 1998-ல் வந்த மணிரத்னம் படத்தின் பெயரையே பாருங்க. தமிழில் 'உயிரே', இந்தியில் 'தில் ஸே'. இந்தித் தலைப்புக்கு 'இதயத்திலிருந்து' என்று அர்த்தம். இரண்டையும் பக்கத்தில் வைத்து அகராதி போட்டால் என்ன ஆகும்? இரண்டு மொழிப் பாட்டையும் ஒப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. பாட்டு எதைப் பற்றியது என்று தெரிந்துகொள்ள தமிழ் வடிவம் உதவும். எந்தச் சொல்லுக்கு எது அர்த்தம் என்பதற்கு மட்டும் அதை நம்பாதீங்க.

ஆனால் அந்த ரோஜா பாட்டிலேயே ஒரு புதையல் இருக்கிறது. 'சின்ன' என்பதற்கான இந்திச் சொல் அதன் தொடக்கத்திலேயே இரண்டு உருவத்தில் வருகிறது. தில்லோடு சேரும்போது 'சோட்டா', ஆசைக்கான 'ஆஷா'வோடு சேரும்போது 'சோட்டீ'. ஏனென்றால் இந்தியில் இதயம் ஆண்பால், ஆசை பெண்பால். உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. நமக்கு மேசையும் ஆசையும் எல்லாமே 'அது'. அதனால் இந்தி பேசும் தமிழர்கள் சறுக்கும் முதல் இடம் இதுதான். அந்தப் பாட்டைப் பாடிப் பாடி, விதி தெரியாமலே 'சோட்டீ ஆஷா' என்று என் வாய் பழகிவிட்டது. 'சோட்டா ஆஷா' என்று யாராவது சொன்னால் ஸ்ருதி விலகின மாதிரி உறுத்தும். எந்த இலக்கணப் புத்தகமும் எனக்கு அந்த உறுத்தலைத் தந்ததில்லை.

எல்லை எங்கே என்றால், அந்த இரண்டு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. ட்ராலி ஆணா பெண்ணா? பாட்டு சொல்லாது. பெண்பால். டப்பா? ஆண்பால். மெஷின்? பெண்பால். கட்டை உடைத்து, தில் இருந்த இடத்தில் டப்பாவையும் ஆஷா இருந்த இடத்தில் ட்ராலியையும் வைத்து "சோட்டா டப்பா, சோட்டீ ட்ராலி" என்று நீங்களே சொல்லிப் பார்த்தால்தான் அது பாட்டிலிருந்து மொழிக்கு வரும்.

இதை எனக்குக் காட்டியது மில்தான். ரிங் ஃப்ரேமில் அடிக்கடி நூல் அறுந்துபோகும். அறுந்த இழையை எடுத்து ஒட்டிக்கொண்டே நடப்பதுதான் அங்கே வேலை. ஒரு நாள் ஒருத்தர் கைகாட்டி, "தாகா டூட் கயா" என்றார். தாகா என்றால் நூல். 'டூட் கயா' எனக்கு நன்றாகத் தெரியும்! காதல் தோல்விப் பாட்டுகளில் இதயம் உடைவதற்கு அதே சொல்தான். தில் ஆண்பால், தாகாவும் ஆண்பால், அதனால் இரண்டுக்கும் 'கயா'. கொஞ்ச நேரம் கழித்து ஒரு மெஷின் நின்றது. "மெஷின் பந்த் ஹோ கயீ" என்றார். மெஷின் பெண்பால் என்பதால் 'கயீ'. பத்து வருஷமாக நான் சோகப் பாட்டென்று கேட்டுக்கொண்டிருந்தது நூற்பாலையின் ஷிஃப்ட் ரிப்போர்ட் மொழி. ஆனால் யாராவது நூலைக் காட்டிச் சொல்லும்வரை எனக்குத் தெரியவில்லை, அந்தச் சொல்லைத் தில்லைத் தவிர வேறெதற்கும் வைக்கலாம் என்று.

இப்போது பாட்டு தப்பாகவே கற்றுத்தரும் ஒன்றுக்கு வருவோம். பேசுகிறவர் யார் என்பது. தமிழில் 'நான் வர்றேன்' என்று ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். இந்தியில் ஆண் 'ஆதா ஹூன்' என்பார், பெண் 'ஆதீ ஹூன்' என்பார். எனக்கு ரொம்பப் பிடித்த பாட்டுகளில் பாதி பெண் குரல். டீ குடிக்கப் போகும்போது நான் 'ஆதீ ஹூன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். வைண்டிங் பிரிவே சிரித்தது. ஏன் என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. இது போதாதென்று உருது கஜல் மரபில் காதலியைப் பற்றிப் பேசும்போதும் ஆண்பால் வினை போடும் வழக்கம் உண்டு. அந்த வாசனை சினிமாப் பாட்டிலும் அடிக்கும். அதை வைத்து யாருக்கு எந்தப் பால் என்று கணக்குப் போட்டால் தலைசுற்றும்.

அதைவிட ஆபத்து, யாரிடம் பேசுகிறோம் என்பது. நம்ம 'நீ', 'நீங்க' மாதிரி இந்தியில் மூன்று படி: தூ, தும், ஆப். 'கேள்' என்பதை தூவுக்கு 'சுன்', தும்முக்கு 'சுனோ', ஆப்புக்கு 'சுனியே' என்பார்கள். காதலில் யாரும் 'வாங்க, உட்காருங்க' என்று பாடுவதில்லை. கடவுளிடமும் காதலியிடமும் 'தூ'தான். பாட்டு முழுக்க தூவும் தும்மும் நிறைந்திருக்கும். 'ஆப்' அபூர்வம். என் வாயில் பழகியதும் அதுதான். ட்ராலிக்காரரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது, "தோ க்ரேட் கம் கர் தீஜியே". இரண்டு க்ரேட் குறைச்சிருங்க. அதில் எண் இருக்கிறது, பொருள் இருக்கிறது, மரியாதை இருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் நான் காம் என்று உளறியதை அவர் ஊகித்துச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பார். ரெண்டே சொல்லில் கத்தினதால் அவருக்கு ஊகிக்க எதுவுமே இல்லை.

இது அவமரியாதையாக எப்படிக் கேட்டிருக்கும் என்று புரிய வேண்டுமானால் திருப்பிப் போட்டுப் பாருங்க. அதே மில்லில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் தமிழ்ப் பாட்டு கேட்டுத் தமிழ் கற்றிருந்தான். கேன்டீன் அக்காவிடம் போய், பாட்டில் வருகிற மாதிரி, "வாடி, சோறு போடு" என்றான். அக்கா கரண்டியை ஓங்கிவிட்டார். டீக்கடையில் அவனே "எனக்கு நீர் வேண்டும் ஐயா" என்பான். ஒரு வாயில் தெருச்சண்டைத் தமிழ், அடுத்த வாயில் ராஜா காலத்துத் தமிழ். நடுவில் உள்ள "கொஞ்சம் தண்ணி குடுங்கண்ணே" அவனுக்கு வரவே இல்லை. அது பாட்டில் இல்லையே! நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என் இந்தியும் அவர்களுக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

டிம் மர்ஃபி என்ற மொழியாசிரியர் 1992-ல் 50 ஆங்கில பாப் பாட்டுகளை எடுத்துச் சொல் சொல்லாக ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பாட்டு பேச்சைவிட ஏறக்குறைய பாதி வேகத்தில்தான் போகிறது. சொற்கள் எளியவை, திரும்பத் திரும்ப வருகின்றன. 'நான்', 'நீ' நிறைய. ஆனால் அந்த நான் யார், நீ யார் என்று பெரும்பாலும் தெரியாது. எந்த இடம், எந்த நேரம் என்பதும் இருக்காது. கேட்பவர் யாராக இருந்தாலும் தன்னை அதில் பொருத்திக்கொள்ள முடிவது அதனால்தான். இந்திப் பாட்டும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. பாட்டை நமக்குப் பிடித்ததாக்குவது எதுவோ, அதுதான் அதைப் பேச்சுக்குப் பாதி உதவாததாகவும் ஆக்குகிறது. மில்லில் கேட்க வேண்டியதெல்லாம் யார், எங்கே, எப்போ, எத்தனை. பாட்டு வேண்டுமென்றே விட்டுவிடுகிற நான்கும் அவைதான்.

எத்தனை என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தியில் ஒன்றிலிருந்து நூறு வரை எண்கள் நம்ம 'நாற்பத்து ஏழு' மாதிரி ஒட்டிச் செய்ய முடியாது. நாற்பது 'சாலீஸ்', ஏழு 'சாத்', ஆனால் நாற்பத்தேழு 'சைந்தாலீஸ்'. ஏறக்குறைய ஒவ்வொன்றையும் தனியாகத்தான் படிக்க வேண்டும். பாட்டில் வருகிற எண்கள் ஒன்று, இரண்டு, ஆயிரம், லட்சம். காதலுக்கு நாற்பத்தேழு தேவைப்படுவதில்லை. நூலுக்குத் தேவை. நூலின் கவுண்ட்டை எண்ணால்தான் சொல்வார்கள், நாற்பதாம் நம்பர், அறுபதாம் நம்பர் என்று. அறுபதுக்கு 'சாட்', கடைசியில் நாக்கை மடித்து மூச்சோடு முடிக்க வேண்டும். ஏழுக்கு 'சாத்', நாக்கு பல்லில் பட்டு நிற்க வேண்டும். இதைப் பாட்டு கேட்டு யாரும் கற்க முடியாது. நான் மில்லில் லேபிளைப் பார்த்துச் சத்தமாகப் படித்துக் கற்றேன்.

அப்போ என்னதான் செய்றது என்று கேட்பீங்க. நான் இப்போது செய்வது இதுதான். வாரத்துக்கு ஒரே பாட்டு, வேகம் குறைந்தது. முதலில் வரிகளைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்ததை எழுதுவேன். பிறகு சரியான வரிகளோடு ஒப்பிட்டு, நான் தப்பாகக் கேட்ட இடங்களில் கோடு போடுவேன். அந்தக் கோடுகள்தான் என் காதின் ஓட்டைகள். அடுத்தது ரொம்ப முக்கியம்: ராகம் இல்லாமல், சாதாரணமாகப் பேசுகிற மாதிரி அந்த வரியைச் சொல்வேன். முதலில் வாய் நின்றுவிடும், அது சகஜம். பிறகு உள்ளே ஒரு சொல்லை மாற்றுவேன். நான் என்பதை அவர் ஆக்குவேன், தூவை ஆப் ஆக்குவேன், தில்லை ட்ராலி ஆக்குவேன். வினை அதோடு சேர்ந்து சரியாக மாறினால் அந்த வரி எனக்கு வந்துவிட்டது. மாறாவிட்டால் நான் கிளி மாதிரி சொல்கிறேன் என்று அர்த்தம்.

உங்களைச் சோதித்துக்கொள்ள இன்னொரு வழி: தெரிந்த பாட்டின் நடுவிலிருந்து ஒரு சொல்லை யாராவது கேட்கட்டும். முதல் வரியிலிருந்து மனசுக்குள் ஓட்டிக்கொண்டு வராமல் உங்களால் அர்த்தம் சொல்ல முடிகிறதா பாருங்க. என் முப்பது பாட்டையும் அப்படிச் சோதித்தேன். கைவசம் நிஜமாக இருந்தது ஆறு பாட்டு அளவுக்குத்தான்.

அதுக்கும் மேலே பாட்டால் முடியாது. பதில் சொல்கிற ஆள் வேண்டும். நம்ம அருப்புக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, தெருவில் தமிழ் பேசுகிற குடும்பங்கள் எத்தனை! அந்தப் பிள்ளைகள் யாரும் பாட்டு கேட்டு இரண்டாவது மொழியைப் பிடிக்கவில்லை. கடையில் மிட்டாய் கேட்டு, கபடியில் சண்டை போட்டுப் பிடித்தார்கள். தப்பாகக் கேட்டால் தப்பான மிட்டாய் வரும், அவ்வளவுதான் வாத்தியார்.

ட்ராலிக்காரர் நான்காம் நாள் வேலைக்கு வந்தார். நான் எழுதி வைத்துப் படித்து, மன்னிப்புக் கேட்டேன். கம், காம் என்று நான் மாற்றிச் சொன்னதை விளக்கியதும் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டுச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் வீட்டில் பேசுவது மகஹி, இந்தி அவருக்கும் பள்ளியில் படித்த மொழிதானாம். அதற்கப்புறம் தினமும் டீ நேரத்தில் பத்து நிமிஷம் அவரோடு பேச்சு. நான் எண் கேட்பேன், அவர் 'எப்ப', 'எங்க' கேட்பார்.

ட்ரெய்னிங் முடிவதற்கு ஒரு நாள் முன்னால், கிளம்பும்போது, "தம்பி, மில்லுக்கு எப்ப?" என்றார். "கல்" என்றேன். இந்தியில் நேற்றுக்கும் அந்தச் சொல்தான், நாளைக்கும் அந்தச் சொல்தான். கூட வருகிற வினைதான் எது என்று சொல்லும். வினையைச் சொல்லாமல் பாட்டில் மாதிரி ஒற்றைச் சொல்லில் நிறுத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "கல் ஆயே தே, யா ஆவோகே?" நேற்று வந்தியா, நாளைக்கு வருவியா?

ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆவூங்கீ இல்லை. "ஆவூங்கா" என்றேன்.